சுவரில் எழுதிய அட்டவணையைக் கட்டம் கட்டமாகப் படியெடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மேலத்தெரு
எங்கள் ஊர் தொடக்கப்பள்ளியின் பழைய கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் வகுப்புச் சுவரில் பெயின்டில் எழுதியிருப்பதைப் படம் எடுத்து, உயிர்மெய் அட்டவணையையும் வாய்ப்பாட்டையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். சுவரில் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே ஷீட்டில் வர வேண்டும் என்று முதலிலேயே பேசிவைத்தோம்.

எழுத்து அட்டவணை குறுக்கே 13 கட்டம், கீழே 19 கட்டம். மேல் வரிசையில் உயிர், இடது ஓரத்தில் மெய், மூலையில் ஃ. பெருக்கினால் சரியாக 247. ஓவியர் மெய்யைக் கறுப்பிலும் கால், கொம்பு, விசிறியைச் சிவப்பிலும் எழுதியிருக்கிறார். ஜன்னல் வெயில் பட்டு அந்தப் பக்கம் சிவப்பு வெளுத்தேவிட்டது. ச வரிசையில் பல கட்டங்களில் இப்போது வெறும் ச தான் நிற்கிறது. சு, சூ மட்டும் ஒட்டி எழுதும் வடிவம் என்பதால் முழுக்கக் கறுப்பு. அவை பளிச்சென்று இருக்கின்றன. நான் ச என்றுதான் அடிக்கிறேன். கூடச் செய்யும் தம்பி சா, சி, சீ என்று வரிசையாக அடித்துக்கொண்டே போகிறான். கேட்டால் "இது ஊருக்கே தெரிஞ்சதுதானேண்ணே" என்கிறான். நீங்கள் எப்படிச் செய்தீர்கள்?

ஏடுகாப்பாளர்
ஓலைச்சுவடி, சுவரெழுத்து இரண்டையும் படியெடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். ச என்று மட்டும் அடித்தாலும் பாதிதான் சரி. படிக்கிறவர் ஓவியர் அப்படியே விட்டுவிட்டார் என்று நினைத்துக்கொள்வார். ஒரு கட்டத்துக்கு ஒரு வரி ஒதுக்கி, வரிசை எண், நிரல் எண், தெரிவது, நிலை, குறிப்பு என்று ஐந்து பத்தி வையுங்கள். இந்த எண்களில் தலைப்பைச் சேர்க்க வேண்டாம். க வரிசை 1, அ நிரல் 1. நிலையில், எழுதவே இல்லை, எழுதி அழிந்தது, படத்தில் மறைந்தது என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள். மறைந்ததென்றால் இன்னொரு படம் எடுத்தால் தீர்ந்தது. அழிந்தது அப்படியல்ல.

```
3,2,ச,பாதி அழிந்தது,வலப்பக்கம் இடம் உண்டு
3,5,சு,தெரிகிறது,
3,7,ச,பாதி அழிந்தது,ச வலப்பக்கம் ஒதுங்கியுள்ளது
13,9,லை,தெரிகிறது,பழைய வடிவம்
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். எ, ஏ, ஐ நிரல்களில் முன்னால் கொம்பு வர வேண்டியிருப்பதால் ஓவியர் ச-வைத் தள்ளி எழுதியிருப்பார். அப்படி இருந்தால் எழுதுங்கள், அதுவும் கண்ணில் தெரிவதுதான். ஆனால் அங்கே இருந்தது ஒற்றைக் கொம்பா இரட்டைக் கொம்பா என்பதை அந்த இடைவெளி சொல்லாது.

கடைசி வரி வேறு சங்கதி. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன் எழுதிய சுவராக இருந்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். யூனிகோடில் இரண்டு வடிவத்துக்கும் ஒரே குறியெண்தான். முன்னால் தும்பிக்கை சுழித்த லையை நீங்கள் அடித்தாலும் திரையில் புது லைதான் வரும். குறிப்புப் பத்தி இல்லையென்றால் அந்தச் சேதி அங்கேயே செத்துவிடும்.

குட்டிம்மா_அம்மா
16 வரை வாய்ப்பாடு டைப் பண்ணினது யாரிடமாவது இருந்தால் பகிரவும். பையன் இரண்டாம் வகுப்பு. பெரிய எழுத்தாக இருந்தால் நல்லது.

மேலத்தெரு
அம்மா, நாங்கள் ஏற்றுவதில் பல கட்டம் காலியாக இருக்கும், பிள்ளைக்கு உதவாது. ஸ்டேஷனரி கடையில் சார்ட்டாகவே கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை77
இவ்வளவு பாடு தேவையில்லை என்பது என் கருத்து. கிழிந்த கடிதத்தில் போன சொல்லை யாரும் கண்டுபிடிக்க முடியாது, சரி. அட்டவணை அப்படியா? நிரல் தலைப்பில் ஆ, வரிசைத் தலைப்பில் ச், அப்புறம் நடுவில் சா-வைத் தவிர என்ன இருக்க முடியும்? வாய்ப்பாடும் அப்படித்தான். இதை யூகம் என்று சொல்லக் கூடாது.

ஏடுகாப்பாளர்
என்ன இருந்திருக்க வேண்டும் என்பதைத் தலைப்பு சொல்லும், மறுக்கவில்லை. அந்த ஓவியர் என்ன எழுதினார் என்பதைச் சொல்லாது. ஆசைப்பட்டால் ஆறாவதாக "இருந்திருக்கலாம்" என்று ஒரு பத்தி வைத்து அதில் சா போடுங்கள். தெரிவது என்ற பத்தியில் மட்டும் வேண்டாம்.

பெருமாள்கோயில்_வாத்தி
கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு நான் பார்த்த ஒன்று. ஒரு பள்ளியின் வராந்தாவில் 13ஆம் வாய்ப்பாட்டில் 7 × 13 = 81 என்று எழுதியிருந்தது. அடுத்த வரி 104, அது சரி. படம் பார்த்து ஷீட்டில் ஏற்றியவர் 13, 26 அடித்துவிட்டு மவுஸால் கீழே இழுத்துவிட்டார். 91 வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரை அப்புறம் வெள்ளையடித்துவிட்டார்கள். படம் மட்டும் இல்லையென்றால் அந்த 81 இருந்ததற்குச் சாட்சியே கிடையாது. அதை எத்தனை வருஷம் பிள்ளைகள் பார்த்துப் படித்தார்களோ!

இழுத்து நிரப்பாமல் கையால் அடித்தாலும் வாய் காட்டிக்கொடுக்கும். ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று என்று ராகம் தொடங்கினால் கண் சுவரை விட்டு நகர்ந்துவிடும். நாங்கள் கீழிருந்து மேலாகப் படிப்போம். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்வார், மற்றவர் படத்தைப் பார்க்காமல் அடிப்பார். அட்டையில் ஒரு கட்ட அளவுக்கு ஓட்டை வெட்டி, பிரின்ட் போட்ட படத்தின் மேல் நகர்த்திக்கொண்டே வந்தால் பக்கத்துக் கட்டமும் கண்ணில் படாது. ஷீட்டில் தானாக நிரப்பும் வசதியை முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

பிரஷ்_பாண்டி
நான் பள்ளிக்கூடச் சுவர் நிறைய எழுதியவன். சாக்பீஸ் நூல் அடித்துக் கட்டம் போட்டதும் கறுப்பை முழுக்க முடித்துவிடுவோம். பிறகுதான் சிவப்பு டப்பாவைத் திறப்போம். சாப்பாட்டுக்கு இறங்கி ஏறினால் ஒன்றிரண்டு கட்டத்துக்குக் கால் போட மறந்துவிடும், நடக்கிறதுதான். அதனால் உங்கள் ச எல்லாமே வெயிலில் போனது என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொன்று, ஓரத்து மெய் வரிசையில் புள்ளியைப் பாருங்கள். சின்னப் பொட்டு, பெயின்ட் உரிந்தால் முதலில் உதிர்வது அதுதான்.

மேலத்தெரு
அண்ணே, நல்லவேளை சொன்னீர்கள். இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். ஞ், ட் இரண்டிலும் புள்ளி தெரியவில்லை. ஷீட்டில் தம்பி புள்ளியோடுதான் அடித்திருக்கிறான். கால் மறந்துபோன கட்டத்தையும் வெளுத்த கட்டத்தையும் எப்படிப் பிரிப்பது?

ஏடுகாப்பாளர்
சுவர் என்ன நிறம்? வெள்ளையோ வெளிர் மஞ்சளோ என்றால், போட்டோ எடிட்டரில் பச்சை சேனலை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். வெளுத்த சிவப்பு கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால் அதில் கருத்துத் தெரியும். மஞ்சள் சுவரென்றால் நீல சேனல் வேண்டாம், அதில் சுவரே கருத்துவிடும். சுவடு தெரிந்தால் அது பார்த்தது. சா என்றே அடித்து, குறிப்பில் "பச்சை சேனலில்" என்று எழுதுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் போடவில்லையா, அழிந்ததா என்று சொல்ல வழியில்லை. மூன்று நிலையோடு "தெளிவில்லை" என்று நான்காவதும் வேண்டும்.

மேலத்தெரு
வெளிர் மஞ்சள். பார்த்துவிட்டேன். சா, சீ இரண்டும் மங்கலாக எழுந்து வருகின்றன. சி கட்டத்தில் எதுவும் இல்லை. இன்னொரு சந்தேகம்: மேல் வரிசையில் ஔ எழுதியதில் ள பெரியதாக, ஒ அளவுக்கே இருக்கிறது. ஔ என்று ஒரே எழுத்தாக அடிப்பதா, ஒ, ள என்று இரண்டாகவா?

கணக்குப்பிள்ளை77
ஔ தான். அட்டவணையில் ஒள என்று ஒரு எழுத்தே கிடையாதே.

ஏடுகாப்பாளர்
தெரிவதை எழுதுவதென்றால் இரண்டாகத்தான் அடிக்க வேண்டும். ஆனால் சுவரில் எழுதுகிறவர் எல்லாரும் அந்த ள-வைச் சின்னதாகப் போடுவதில்லை. கௌ முதல் னௌ வரை பின்னால் வருவதும் அதே ள உருவம்தான். அங்கே யாரும் இரண்டாகப் பிரித்து அடிப்பதில்லை. எனக்கே இதில் ஒரு முடிவு இல்லை.

பிரஷ்_பாண்டி
நாங்கள் இடம் இருக்கிறதைப் பொறுத்து எழுதுவோம்.