ஒப்பமிட்ட அறிக்கையில் தொகை பிழை

செயலாளர், இலண்டன்:
எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கூட்ட அறிக்கையில் நூலகக் கூரைக்கு 2,500 பவுண் அனுப்பத் தீர்மானித்ததாக இருக்கிறது. அனுப்பியது 2,000. யூன் கூட்டத்தில் அறிக்கையை வாசித்து, முன்மொழிந்து வழிமொழிந்து, தலைவரும் ஒப்பமிட்டுவிட்டார். இப்போது கணக்காய்வாளர் கேட்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் புதிதாக அச்சடித்து மாற்றலாமா?

ரொறன்ரோவிலிருந்து:
தம்பி, மாற்ற வேண்டாம். ஒப்பமிட்ட பக்கத்தை அகற்றினால் புத்தகம் முழுவதிலும் சந்தேகம் வரும். யூனிலேயே கண்டிருந்தால் வேலை சுலபம்: கூட்டம் ஏற்றபின் 2,500ஐ வாசிக்கக்கூடியதாக ஒரு கோட்டால் வெட்டி, மேலே 2,000 எழுதி, பக்கத்தில் தலைவர் சிற்றொப்பமும் திகதியும் வைப்பார். அதற்குப் பிறகுதான் கடைசிப் பக்கத்தில் முழு ஒப்பம். யூன் அறிக்கையிலும் "திருத்தத்துடன் ஏற்கப்பட்டது" என்று போட வேண்டும்.

இனி வழி, செப்டெம்பர் கூட்ட நிகழ்ச்சிநிரலில் இதைத் தனி விடயமாகப் போடுவதுதான். தீர்மானம் இப்படி இருக்கட்டும்: "மார்ச் அறிக்கையின் 4ஆம் விடயத்தில் 2,500 பவுண் என்றிருப்பது 2,000 பவுண் எனத் திருத்தப்படுகிறது." அது செப்டெம்பர் அறிக்கையில்தான் பதிவாகும். மார்ச் பக்கத்தில் ஒரு எழுத்தையும் தொடாமல், ஓரத்தில் "செப்டெம்பர் அறிக்கை, விடயம் 3 பார்க்க" என்று எழுதி, தலைவரின் சிற்றொப்பமும் திகதியும் வாங்குங்கள்.

மெல்பேணிலிருந்து:
அண்ணை சொல்வது சரி. ஆனால் மார்ச்சில் வராதவர்கள் இதற்கு வாக்களிக்கக் கூடாது. யூனில் ஒப்பமிட்டவரும் மார்ச்சில் இல்லை, அந்த ஒப்பமே செல்லாது.

ரொறன்ரோவிலிருந்து:
முன்மொழிபவரும் வழிமொழிபவரும் அன்று இருந்தவர்களாக இருந்தால் நல்லது, நடந்ததைக் கண்டவர்கள் அல்லவா. ஆனால் யாப்பில் தடை இல்லாவிட்டால் மற்றவர்களும் வாக்களிக்கலாம். ஏற்றுக்கொண்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒப்பமிடுவதும் வழமைதான்.

பரிஸிலிருந்து:
2,000 போதாது என்று நான் அன்றே சொன்னேன். அறிக்கையில் 2,500 என்று வந்தது நல்லதுக்குத்தான். மிச்சம் 500ஐயும் அனுப்பிவிடுங்கோ, சோலி முடிஞ்சுது.

ரொறன்ரோவிலிருந்து:
அக்கா, அது திருத்தம் இல்லை, புதுத் தீர்மானம். அன்று என்ன முடிவு எடுத்தோம் என்பதைத்தான் திருத்தலாம், என்ன எடுத்திருக்க வேண்டும் என்பதை அல்ல.

தம்பி, அன்று கையால் எழுதிய குறிப்பு இருக்கிறதா? வங்கிச் சீட்டு அனுப்பிய தொகையை மட்டும்தான் காட்டும், தீர்மானித்த தொகையைக் காட்டாது.

செயலாளர், இலண்டன்:
குறிப்பு கிடைக்கவில்லை அண்ணை. பொருளாளர் 2,000 என்றே சொல்கிறார்.

பரிஸிலிருந்து:
2,000 என்று தொடங்கி, கடைசியில் 2,500க்குத்தான் கை தூக்கினோம் என்று எனக்கு ஞாபகம்.

ரொறன்ரோவிலிருந்து:
அப்படியென்றால் பிழை அறிக்கையிலா, அனுப்பியதிலா என்பதே தெரியவில்லை. தீர்மானத்தை இப்போதே எழுதிவிட வேண்டாம் தம்பி. அன்று இருந்தவர்களுக்கு முதலில் எழுதிக் கேளுங்கள்.