சூரியகாந்தித் தண்டு ஸ்லைடு: சிவப்பாக இருப்பதெல்லாம் சைலமா?

பிளஸ் 1 மாணவி:
லேபில் சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு ஸ்லைடைப் பார்த்தோம். சாஃப்ரனின், ஃபாஸ்ட் கிரீன் என்ற இரண்டு சாயமும் போட்டது என்றார்கள். ஐபீஸில் போனை வைத்துப் படம் எடுத்தேன். ஒவ்வொரு கற்றையிலும் இரண்டு இடம் சிவப்பாக இருக்கிறது, நடுவில் பச்சை. இரண்டையும் நீர் கடத்தும் சைலம் என்று குறித்தேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். ஏன்? தண்டின் நடுவில் இருக்கும் பித் செல்கள் சிலவற்றில் குட்டிச் சிவப்புப் புள்ளியும் இருக்கிறது. அது என்ன?

பி.எஸ்சி. மாணவர்:
சிவப்பு என்றால் செல்சுவரைக் கெட்டியாக்கும் லிக்னின், லிக்னின் என்றால் சைலம். நீ குறித்தது சரிதான், மறுபடி கேட்டுப் பார்.

தாவரவியல் ஆசிரியை:
தம்பி, கற்றையைப் பொறுத்தவரை முதல் பாதி சரி. ஆனால் லிக்னின் சைலத்தில் மட்டும் இல்லை, நார்களிலும் உண்டு. சாஃப்ரனின் இரண்டையும் ஒன்றுபோலத்தான் சிவப்பாக்கும். அதனால் நிறத்தை விட்டுவிட்டுச் செல்லின் வடிவத்தைப் பாரும்மா. ஒரு சிவப்புப் பகுதியில் பெரிய வட்ட ஓட்டைகள் வரிசையாக நிற்கும், அதுதான் சைலம். இன்னொன்றில் சுவர் தடித்து, நடுத்துளை சிறுத்து, செல்கள் நெருக்கியடித்திருக்கும். அது கற்றைத் தொப்பி, ஸ்கிளிரென்கைமா. இடையில் உள்ள பச்சையில் தொப்பியை ஒட்டியது ஃபுளோயம். ஃபுளோயத்துக்கும் சைலத்துக்கும் நடுவே செங்கல் அடுக்கியதுபோல மெல்லிய தட்டைச் செல்கள் தெரிந்தால் அது கேம்பியம்.

படத்தில் மேல், கீழ் பார்த்து முடிவு செய்யாதே, மைக்ரோஸ்கோப் தலைகீழாகத்தான் காட்டும். முதலில் 10x-இல் மயிர் உள்ள புறத்தோலைக் கண்டுபிடி. அந்தப் பக்கம் இருப்பது தொப்பி, பித் பக்கம் இருப்பது சைலம்.

ஒரு அப்பா:
என் மகன் வெங்காயத் தோலில் சாஃப்ரனின் போட்டான். எல்லாமே சிவப்பு, பச்சையே வரவில்லை. ஸ்லைடு கெட்டுவிட்டதா?

தாவரவியல் ஆசிரியை:
இல்லை சார், ஒரே சாயம் போட்டால் பச்சை வராது. சாயம் அதிகமாகியிருக்கும். தோலைத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். செல் வெளிறி, சுவரோரம் உட்கரு மட்டும் அடர்ந்து தெரியும்.

பிளஸ் 1 மாணவி:
டீச்சர், பெரிய ஓட்டைகள் பித் பக்கம்தான் இருக்கின்றன! மேல் பக்கம் நெருக்கமாக இருந்ததைத்தான் தப்பாகக் குறித்திருக்கிறேன். அந்தப் புள்ளி?

தாவரவியல் ஆசிரியை:
உட்கருவும் சாஃப்ரனினில் சிவக்கும், அதனால் அதுவாக இருக்கலாம். சாயத் துகளாகவும் இருக்கலாம். படத்தை வைத்துச் சொல்ல முடியாதும்மா. 40x-இல் நுண் திருகை மெல்லத் திருப்பு. செல்சுவர் தெளியும்போதே புள்ளியும் தெளிகிறதா, விளிம்பு வழவழப்பாக இருக்கிறதா என்று பார். சுவர் மங்கிய பிறகு புள்ளி மட்டும் தெளிந்தால் மேலே ஒட்டிய துகள்.

பிளஸ் 1 மாணவி:
திங்கட்கிழமைதான் லேப். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை படத்தில் அதைக் குறிக்காமல் விடுகிறேன்.