16 மார்க் கேள்வி: எனக்கு 15 நாள், தோழிக்கு 14 நாள்

கயல்:
கேள்வி இதுதான்: "கிரிட்டிக்கல் பாத், ஃப்ளோட், டம்மி ஆகியவற்றை வரையறுத்து, நெட்வொர்க் படம் வரைந்து, ஒரு கணக்கின் மூலம் விளக்குக." கணக்கை நாமே எடுத்துக்கலாம். நானும் தோழியும் இதையே எடுத்தோம்: வேலை, நாள், எது முடிஞ்சா தொடங்கலாம்.

```
A   3   -
B   4   -
C   6   A
D   2   A, B
E   5   C, D
```

அம்புக்குறிப் படம்தான் போட்டோம். எனக்கு மொத்தம் 15 நாள், அவளுக்கு 14. கூட்டலை மூணு தடவை பார்த்துட்டேன். எங்கே தப்பு?

வினாத்தாள்வேட்டை:
ஒரு நாள் வித்தியாசத்துக்கு இவ்வளவு கவலை வேண்டாம். இந்த மாதிரி கேள்வியில மார்க் வரையறையிலதான் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் அரைப்பக்கம் எழுதுங்க, படத்தைச் சின்னதா போடுங்க, கடைசியில கணக்கு. டம்மிக்கு நாள் சுழியம்தான், அதைப் போட்டாலும் விட்டாலும் விடை மாறாது. உங்களுக்குக் கூட்டல்லதான் எங்கேயோ இடறியிருக்கு.

திருத்தும்கை:
வேட்டை, டம்மிக்கு நாள் சுழியம்னு சொன்னது சரி. விடை மாறாதுன்னு சொன்னதுதான் தப்பு, கயலோட அந்த ஒரு நாள் அங்கேதான் வந்திருக்கு. 15 எப்படி வருதுன்னு பார்க்க D-யைப் பாருங்க. அதுக்கு A, B ரெண்டும் முடியணும். அதனால கயல் A அம்பையும் B அம்பையும் ஒரே வட்டத்துல கொண்டுவந்து முடிச்சிருப்பாங்க. C-யும் அதே வட்டத்துல இருந்து கிளம்பும். இப்போ படம் என்ன சொல்லுது? C-யும் B முடியற வரைக்கும் காத்திருக்கணும்னு சொல்லுது. அட்டவணையில அப்படி ஒரு நிபந்தனையே இல்லை. A 3-ஆம் நாளே முடிஞ்சாலும் C 4-ல தொடங்கும், 10-ல முடியும், E 15-ல முடியும். கூட்டல்ல பிழையே கிடையாது. படம் வேற ஒரு திட்டத்தைச் சொல்லுது, அவ்வளவுதான்.

வட்டத்தைப் பிரிச்சு, நடுவுல புள்ளிக்கோடு போட்டா சரியாகிடும்:

```
1 --A(3)--> 2 --C(6)--> 4 --E(5)--> 5
1 --B(4)--> 3 --D(2)--> 4
2 - -(0)- -> 3
```

அம்பு 2-ல இருந்து 3-க்குத்தான் போகணும். திருப்பிப் போட்டா C மறுபடியும் B-க்காகக் காத்திருக்கும், D-க்கு A-யோட தொடர்பே அறுந்துடும்.

இதைப் போட்ட பிறகு டம்மிக்கு வரையறை எழுத அரைப்பக்கம் தேவையில்லை. "D-க்கு A-யும் வேணும், ஆனால் C-க்கு B வேண்டாம். இந்தச் சார்பை மட்டும் காட்ட, நேரமோ ஆளோ எடுக்காத ஓர் அம்பு" என்று எழுதினாலே அந்த மாணவி புரிஞ்சு எழுதியிருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுடும். வருஷக்கணக்கா விடைத்தாள் திருத்தறேன். வரையறை ஒரு பக்கமும் கணக்கு வேறொரு பக்கமுமா ஒண்ணையொண்ணு தொடாம கிடக்கிற தாள்களைப் பார்த்தா மனசு வலிக்குது.

ஆதவன்:
கயல், ஒவ்வொரு வேலைக்கும் மூணு நேரம் எடுத்து (a+4m+b)/6 போட்டீங்களா? அதை விட்டா பாதி மார்க் போயிடும்.

திருத்தும்கை:
ஆதவன், அது பெர்ட். வேலைக்கு எத்தனை நாள் ஆகும்னு உறுதியா சொல்ல முடியாதப்போ போடறது. இங்கே கேள்வி அதைக் கேட்கலை, அட்டவணையிலும் ஒரே நாள்தான் இருக்கு. அதைச் சேர்த்து எழுதினா நேரம்தான் போகும்.

தளத்துக்காரன்:
பரீட்சை எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு, ஆனா ஃப்ளோட் பத்தி என் அனுபவம் ஒண்ணு சொல்லணும். ஒரு கட்டடத்துல சுவருக்குள்ள மின்குழாய் பதிக்கணும், அதுக்குப் பின்னாடி பூச்சு. அட்டவணையில ரெண்டு வேலைக்கும் நேரே "3 நாள் ஃப்ளோட்" இருந்தது. குழாய் பதிக்கிறவர் அதைப் பார்த்துட்டு மூணு நாள் தாமதமா முடிச்சார். பூச்சுக்காரரும் தன் பங்குக்கு மூணு நாள் எடுத்தார். மொத்த வேலையும் மூணு நாள் தள்ளிப்போச்சு, ரெண்டு பேருமே "எனக்கு ஃப்ளோட் இருந்துச்சே"ன்னு தாளைக் காட்டினாங்க. ஃப்ளோட்ன்னா சும்மா மிச்ச நாள்னு வரையறை எழுதற பிள்ளைங்க இதைத் தெரிஞ்சுக்கணும்.

திருத்தும்கை:
அண்ணா, நீங்க சொன்னது அப்படியே கயலோட கணக்குல இருக்கு. B 4-ல முடியலாம், D 4-ல தொடங்கி 6-ல முடியலாம், ஆனா E 9-லதான் தொடங்குது. B-க்கும் மொத்த ஃப்ளோட் 3, D-க்கும் 3. ஆனா அது ரெண்டு மூணு இல்லை, ரெண்டு பேரும் பங்குபோடற ஒரே மூணு. B ஒரு நாள் பிந்தினாலே D-யோட தொடக்கம் தள்ளும். அதனால B-யோட ஃப்ரீ ஃப்ளோட் சுழியம். D பிந்தினா 3 நாள் வரைக்கும் யாருக்கும் பாதிப்பில்லை, அதோட ஃப்ரீ ஃப்ளோட் 3. இந்த ரெண்டு வரியை B, D பேரைச் சொல்லியே வரையறையா எழுதலாம் கயல்.

வினாத்தாள்வேட்டை:
டம்மி விஷயத்துல நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி. இவ்வளவு சிக்கல் எதுக்கு? வேலையைப் பெட்டிக்குள்ள எழுதி, சார்பை அம்பாப் போட்டா டம்மியே வராதே. A-ல இருந்து C-க்கும் D-க்கும் ஒவ்வொரு கோடு, B-ல இருந்து D-க்கு ஒரு கோடு. முடிஞ்சுது. இப்போ மென்பொருள் எல்லாம் அப்படித்தான் காட்டுது.

திருத்தும்கை:
பெட்டிப்படத்துல பிழை குறையும், அதை மறுக்க மாட்டேன். ஆனா கேள்வியே டம்மியை வரையறுக்கச் சொல்லுது. டம்மி இல்லாத படத்தை வெச்சு அதை எப்படி விளக்குவீங்க?

வினாத்தாள்வேட்டை:
வரையறைக்குப் பக்கத்துல சின்னதா ஒரு அம்புத்துண்டு, கணக்குக்குப் பெட்டிப்படம். நான் திருத்துறவனா இருந்தா முழு மார்க் போடுவேன்.

திருத்தும்கை:
நான் போடுவேனான்னு தெரியலை. ஒரே கணக்குல மூணையும் காட்டச் சொன்ன கேள்வி அது.

கயல்:
மேடம், படத்தை மாத்தி வரைஞ்சேன், 14 வந்துடுச்சு! ஆனா பின்னாலிருந்து வரும்போது A-க்கு ஃப்ளோட் 4 வருது. C-க்கும் E-க்கும் சுழியம்.

திருத்தும்கை:
கிரிட்டிக்கல் பாத் முதல் வட்டத்துல இருந்து கடைசி வட்டம் வரைக்கும் அறுபடாம போகணும். உங்களுடையது C-ல திடீர்னு தொடங்குது, தப்பு இருக்குன்னு அதுலயே தெரியுது. 2-ஆம் வட்டத்துல இருந்து ரெண்டு அம்பு வெளியே போகுது. C 3-க்குள்ள A முடியணும்னு கேட்குது. டம்மி வழியா D 7 வரைக்கும் பொறுத்துக்கும். நீங்க 7-ஐ எடுத்திருக்கீங்க. பின்னாலிருந்து வரும்போது சின்ன எண்ணைத்தான் எடுக்கணும், ஏன்னா அவசரப்படறவரைத்தான் A முதல்ல கவனிக்கணும். முன்னாலிருந்து போகும்போது பெரியது, D தொடக்கத்துக்கு 3-ஐ விட்டு 4-ஐ எடுத்தீங்களே, அது மாதிரி.

கயல்:
3 போட்டேன். A, C, E மூணுக்கும் சுழியம், B-க்கும் D-க்கும் 3. தோழிகிட்ட கேட்டேன், அவ டம்மியை 3-ல இருந்து 2-க்குப் போட்டிருக்கா. அப்புறம் எப்படி 14 வந்துச்சுன்னு இப்போ ரெண்டு பேரும் உட்கார்ந்து பார்க்கறோம்.