கீழே மோடம், மேலே வேலையறை, நடுவில் காங்கிரீட்: மெஷ்ஷா, எக்ஸ்டெண்டரா?

தாம்பரம் மாடிவீடு:
எங்கள் வீடு தாம்பரத்துக்குத் தெற்கே, வரிசை வீடுகளில் ஒன்று. கீழே கூடம், சமையலறை, ஓர் அறை. மேலே மூன்று அறைகள். செங்கல் கட்டடம் இல்லை. அலுமினியப் பலகை அடைத்து, கம்பி கட்டி, சுவரையும் தளத்தையும் சேர்த்து காங்கிரீட் ஊற்றுவார்களே, மிவான் என்று சொல்வார்கள், அந்த முறையில் கட்டியது. காலண்டர் மாட்ட ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். ஃபைபர் மோடம் வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. கேபிள் கொண்டுவந்தவருக்கு அதுதான் வசதியாம்.

திட்டம் 200 எம்பிபிஎஸ். கூடத்தில் முழுசாக வருகிறது. மனைவி வேலை பார்க்கும் மேல்மாடிப் பின்னறையில் வீடியோ காலில் முகம் உறைந்து நிற்கும். போனில் ஒரு வைஃபை ஆப் போட்டு அளந்தேன். மோடம் பக்கத்தில் மைனஸ் 40, மாடிப்படி திரும்பும் இடத்தில் மைனஸ் 58, பின்னறையில் மைனஸ் 82. தெரியாதவர்களுக்கு: மைனஸுக்குப் பின்னால் வரும் எண் பெரிதானால் சிக்னல் குறைவு. 67ஐத் தாண்டினால் வீடியோ கால் தடுமாற ஆரம்பிக்கும், 80 வந்தால் மறந்துவிடலாம்.

முதலில் எக்ஸ்டெண்டர். அதை வேண்டுமென்றே இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தேன். பின்னறையிலேயே செருகினால் போனில் எல்லாக் கோடும் நிறைந்திருக்கும், வேகம் மட்டும் 8, 10 என்று ஊர்ந்தது. போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள சிக்னலைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. எக்ஸ்டெண்டருக்கே கீழிருந்து சரியாக வரவில்லை என்பதை அவை காட்டாது. அப்புறம் படி திரும்பும் இடத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, அங்கே வைத்தேன். அதே பின்னறையில் 45 வந்தது. படிக்கட்டு மேலே ஏறும் திறப்பு வழியாகத்தான் சிக்னல் மேலே போகிறது, தளத்தைத் துளைத்துக்கொண்டு இல்லை.

மச்சானிடம் இரண்டு பெட்டி மெஷ் இருந்தது, வாங்கி வந்து போட்டேன். கம்பி இல்லாமல், இரண்டாவது பெட்டியைப் பின்னறையில் வைத்தால் 25. படிக்கு மேல் மாடிக் கூடத்தில் வைத்தால் பின்னறையில் 70. எக்ஸ்டெண்டரைவிட நல்லதுதான், ஆனால் கொடுக்கும் விலைக்கு இவ்வளவுதானா என்று தோன்றியது. கடைசியில் மோடத்திலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு கேட்-6 கேபிள் கொண்டுபோய் இரண்டாவது பெட்டியின் பின்னால் செருகினேன். 190. அதற்குப் பிறகு அந்த அறையிலிருந்து புகாரே வரவில்லை.

இதே மாதிரி வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்தீர்கள்?

பூனைக்கண்:
சிம்பிள் ப்ரோ. எக்ஸ்டெண்டர் வேகத்தைப் பாதியாக்கும், மெஷ் ஆக்காது. அதனால்தான் விலை வித்தியாசம். மூன்று அலைவரிசை மெஷ் வாங்கியிருந்தால் கம்பியே தேவைப்பட்டிருக்காது. எங்கள் அப்பார்ட்மெண்டில் அதுதான் போட்டிருக்கிறேன், பறக்கிறது.

வடம் இழுக்கிறவன்:
பூனைக்கண் தம்பி சொன்னதில் பாதி சரி. நான் சிசிடிவி, நெட்வொர்க் வேலை பார்ப்பவன், இந்தச் சண்டையை வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது கேட்கிறேன்.

பாதியாவது எதனால் என்றால், ஒரே ரேடியோ கீழிருந்து வாங்கவும் வேண்டும், உங்கள் போனுக்குக் கொடுக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய அதனால் முடியாது. ஒற்றை அலைவரிசை எக்ஸ்டெண்டரில் இது நிச்சயம் நடக்கும். இரட்டை அலைவரிசை உள்ளது 5 கிகாஹெர்ட்ஸில் வாங்கி 2.4இல் கொடுக்கலாம், அப்போது அவ்வளவு அடி விழாது. இரண்டு அலைவரிசை மெஷ்ஷைக் கம்பி இல்லாமல் போட்டாலும் இதே கதைதான். பெட்டியின் மேல் மெஷ் என்று அச்சடித்திருப்பதால் ரேடியோவுக்கு இன்னொரு வாய் முளைத்துவிடாது.

மூன்றாவது அலைவரிசை உள்ளதில் பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளத் தனி ரேடியோ இருக்கும். அப்பார்ட்மெண்டில் எல்லா அறையும் ஒரே தளத்தில், நடுவில் நாலரை அங்குலச் செங்கல் சுவரும் கதவும்தான். அங்கே பறக்கும். ஆனால் அந்தத் தனி ரேடியோவும் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ்தான். கம்பி பின்னிய காங்கிரீட்டில் முதலில் சாகும் அலையும் அதுதான். புதிதாக வரும் 6 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகள் சுவர் விஷயத்தில் இன்னும் மோசம். அதனால் தாம்பரம் சார் வீட்டில் அதிக விலை பெட்டி வைத்தாலும் பின்னறையில் பெரிதாக மாறியிருக்காது. இரண்டாவது பெட்டிக்கு எந்த வழியாகச் செய்தி போகிறது என்பதுதான் விஷயம்.

சார், கேபிள் எங்கே வாங்கினீர்கள், எப்படி இழுத்தீர்கள் என்று எழுதுங்கள். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

தாம்பரம் மாடிவீடு:
அண்ணா, சுவரை வெட்ட முடியாது, கம்பி அறுந்தால் வம்பு. வாசல் ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் ஒரு துளை, வெளிச்சுவரில் பிவிசி குழாய், மேல் ஜன்னல் வழியாக உள்ளே. மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வராமல் இருக்க, துளைக்கு முன்னால் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டிருக்கிறேன். கேபிள் வெளிப்பயன்பாட்டுக்கான கறுப்பு உறை போட்டது.

வடம் இழுக்கிறவன்:
நல்ல வேலை. ஈபி வயர் போகும் குழாய்க்குள்ளேயே இதையும் சொருகச் சொல்லும் எலெக்ட்ரீஷியன்கள் உண்டு, ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் சுருளில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியிருப்பார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளை தெரியும். அதை வாங்க வேண்டாம்.

கேபிள் போட்டதும் கணினியில் லிங்க் வேகம் பாருங்கள். 1000 காட்ட வேண்டும். 100 காட்டினால் எட்டு இழையில் ஏதோ ஒன்று முனையில் சரியாகக் கடிக்கவில்லை. நான்கு இழையிலேயே 100 ஓடிவிடும் என்பதால் நெட் வரும், குறை தெரியாது. 200 திட்டம் போட்டுவிட்டு 94ஐத் தாண்டவில்லை என்று கம்பெனியோடு சண்டை போடும் வீடுகளில் பெரும்பாலும் காரணம் இந்த முனைதான்.

சுண்ணாகம் ரீச்சர்:
எங்கட வீடும் இரண்டு மாடி, கீழ்த்தட்டு பழைய கல்வீடு, சுவர் ஒன்றரை அடி. பின்னேரம் ஏழு மணிக்கு மேல மாடியில் படமே ஓடாது, பகலில் பிரச்சினை இல்லை. மெஷ் வாங்கினால் சரிவருமோ தம்பி?

வடம் இழுக்கிறவன்:
அக்கா, பகலிலும் அதே சுவர்தானே இருக்கிறது? இரவில் மட்டும் மெதுவானால் சுவர் மேல் பழி போட முடியாது. வாங்குவதற்கு முன்னால், ஏழு மணிக்கு மேல், மாடியில் விண்டோஸ் லேப்டாப்பை வைத்து, கமாண்ட் ப்ராம்ப்டில் இதை ஓடவிடுங்கள்:

```
ping -t 192.168.1.1
```

உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருக்கலாம். `ipconfig` அடித்தால் `Default Gateway` என்ற இடத்தில் வரும். பதில் நேரம் ஒற்றை இலக்கத்தில் சீராக ஓடிக்கொண்டிருக்க, படம் மட்டும் நின்றால், அடைப்பு வீட்டுக்கு வெளியே, லைனில். எத்தனை பெட்டி வாங்கினாலும் தீராது. நேரம் நூற்றுக்கணக்கில் எகிறினால், அல்லது `Request timed out` என்று வந்தால், அடைப்பு வீட்டுக்குள் வைஃபையில். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் அந்த நேரத்தில் 2.4இல் குவிவதும் காரணமாக இருக்கலாம்.

சுண்ணாகம் ரீச்சர்:
இன்றைக்குப் பார்த்துவிட்டுச் சொல்கிறன். நடுவில முற்றம் இருக்கு, அங்க நின்றால் நல்லாத்தான் எடுக்குது.

வாடகைக்காரி மதுரை:
எல்லாரும் கேபிள், கேபிள் என்கிறீர்கள். வாடகை வீட்டில் வீட்டுக்காரம்மா ஒரு ஸ்க்ரூ போடவே முகம் சுளிப்பவர். நான் 1,800 ரூபாய்க்கு ஓர் எக்ஸ்டெண்டர் வாங்கி, படிக்கட்டு உச்சியில் உள்ள ப்ளக்கில் செருகினேன். மேலே 20 வருகிறது. மகளின் ஆன்லைன் வகுப்புக்கும் எனக்குச் சீரியலுக்கும் அது போதும். மெஷ்ஷுக்கு அதைப்போல நாலைந்து மடங்கு கேட்டார்கள்.

எல்லாரும் குறையாகச் சொல்லும் ஒன்று எனக்கு வசதியாக இருக்கிறது. எக்ஸ்டெண்டருக்குத் தனிப் பெயர் கொடுத்திருக்கிறேன், ரவுட்டர் பெயரோடு `_EXT`. மகளின் டேப்லெட்டில் அந்தப் பெயரை மட்டும் வைத்து, கீழ்ப் பெயரை மறக்கச் சொல்லிவிட்டேன். அது மேலேயே கிடக்கும் சாதனம். கீழே உள்ள செத்த சிக்னலைப் பிடித்துத் தொங்குவதில்லை.

பூனைக்கண்:
அக்கா, கையில் போனோடு படியேறும்போது கால் கட்டாகுமே?

வாடகைக்காரி மதுரை:
ஆகும். பேசி முடித்துவிட்டு ஏறுவேன்.

தாம்பரம் மாடிவீடு:
எனக்கு மிச்சம் இருக்கும் தலைவலியும் அதுதான். மெஷ்ஷில் பெயர் ஒன்றே, கம்பியும் போட்டாயிற்று. ஆனாலும் மனைவியின் பழைய போன் மாடிக்குப் போன பிறகும் கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கிறது. வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மேலே தாவுகிறது. என் போன் தானாக மாறிவிடுகிறது.

வடம் இழுக்கிறவன்:
எப்போது தாவுவது என்று முடிவெடுப்பது போன்தான். மெஷ் "அங்கே போ" என்று சொல்லும், கேட்பது போனின் இஷ்டம். பழைய போன்கள் பலவற்றுக்கு அந்தப் பாஷையே தெரியாது. கீழ்ப் பெட்டியின் சக்தியை அமைப்பில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். மாடியில் அதன் சிக்னல் சீக்கிரம் மோசமாகும், போன் வேறு வழி தேடும். எல்லாப் பெட்டியிலும் அந்த அமைப்பு இருக்காது.

மூணு ஃபேஸ்:
சக்தியைக் குறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் செய்ததும் வாசலில் உள்ள கேமரா அறுந்தது. அதற்குப் பதிலாகக் கரண்டு ஒயர் வழியாகவே நெட் அனுப்பும் அடாப்டர் ஜோடி ஏன் யாரும் சொல்லவில்லை? ஓட்டையே போட வேண்டாம்.

வடம் இழுக்கிறவன்:
உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறதே சார். மூன்று ஃபேஸ் வீட்டில் கீழ்மாடி ஒரு ஃபேஸ், மேல்மாடி இன்னொரு ஃபேஸ் என்று பிரித்திருப்பார்கள். அந்த அடாப்டர்கள் ஒரே ஃபேஸில் இருந்தால்தான் ஒழுங்காகப் பேசும். ஒரு வீட்டில் 60 வந்தது, இன்னொரு வீட்டில் மோட்டார் போட்டதும் படுத்துவிட்டது. திருப்பித் தரலாம் என்றால் வாங்கிப் பாருங்கள்.

மூணு ஃபேஸ்:
எங்கள் வீட்டில் ஓடுகிறதே.

தாம்பரம் மாடிவீடு:
அண்ணா, சக்தியை நடுத்தரத்துக்கு இறக்கினேன். பழைய போன் இப்போது மாடிக் கூடத்திலேயே தாவிவிடுகிறது. ஆனால் சமையலறையில் இருக்கும் டிவி பெட்டி லேசாகத் திணறுகிறது. மச்சான் வேறு மெஷ்ஷைத் திருப்பிக் கேட்கிறார். கேபிள்தான் மாடிக்கு வந்துவிட்டதே, பரணில் ஒரு பழைய ரவுட்டர் கிடக்கிறது, அதைச் செருகினால் போதாதா?

வடம் இழுக்கிறவன்:
தாராளமாகப் போதும். முதலில் அதன் முகவரியை `192.168.1.2` மாதிரி, மோடத்தோடு மோதாததாக மாற்றுங்கள். அப்புறம் சாதனங்களுக்கு முகவரி பங்கிடும் `DHCP`யை அதில் அணையுங்கள். மாடி கேபிளை `WAN` துளையில் செருகாமல் `LAN` துளை ஒன்றில் செருகுங்கள். வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கீழே உள்ளதேதான், சேனல் மட்டும் வேறு. துளைகள் 100தானா என்று மட்டும் பெட்டியின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள், பழசு என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.