பம்ப் சரி, சிஸ்டம் கர்வ் ஏறிவிட்டது: 8 மீட்டர் எங்கே போகிறது?

வணக்கம். ஒரு நீரேற்று லைனில் இயங்குபுள்ளி கணக்குப்படி வரவில்லை, யோசனை தேவை. Q-ஐ m³/h-லும் H-ஐ மீட்டரிலும் வைத்து:

```
பம்ப்:      H = 42 − 0.0075 Q²
சிஸ்டம்:  H = 18 + 0.0075 Q²
```

இரண்டையும் சமன்படுத்தினால் Q = 40, H = 30. ஆனால் ஃப்ளோமீட்டர் 32.7 காட்டுகிறது. சக்‌ஷன், டெலிவரி கேஜ்களின் வித்தியாசத்தில் உயரத் திருத்தமும் செய்தால் ஹெட் 34 மீட்டர்.

இந்தப் புள்ளி சரியாகப் பம்ப் கர்வின் மீதே விழுகிறது. இம்பெல்லரோ வியர் ரிங்கோ தேய்ந்திருந்தால் கர்வுக்குக் கீழே விழுந்திருக்கும், அதனால் பம்பைக் கழற்ற அவசியமில்லை. பம்பை நிறுத்தி, நான்-ரிட்டர்ன் வால்வுக்குப் பின்னால் உள்ள கேஜைப் பார்த்து ஸ்டேட்டிக் ஹெட் அதே 18 என்று உறுதி செய்தாயிற்று. ஆக, மீதி 16 மீட்டரும் உராய்வு. இந்த ஓட்டத்துக்கு 8 தான் இருக்க வேண்டும்; கெழு இரட்டிப்பாகி 0.015 ஆகிவிட்டது. சக்‌ஷன் கேஜ் வழக்கமான அளவே காட்டுவதால் ஸ்டிரெய்னர் மேல் சந்தேகமில்லை.

மிஞ்சுவது இரண்டு: நான்-ரிட்டர்ன் வால்வு முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், இல்லையேல் 100 மி.மீ. குழாயில் உப்புப் படிவு. உராய்வு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிராக மாறுவதால், சுற்றிலும் 6.5 மி.மீ. படிந்தாலே இழப்பு இரட்டிப்பாகும்.

வால்வுக்கு முன்னும் பின்னும் கேஜ் வைத்தால் 0.8 பார் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால், குழாயை வெட்டாமல் படிவு எந்தப் பகுதியில் என்று கண்டுபிடிக்க எத்தனை இடத்தில் டேப்பிங் போடுவீர்கள்?