தொலைபேசி பில்லைக் கொடுத்த பிறகும் வரி பிடிப்பது சரியா?

முகிலன்24
எங்கள் நிறுவனத்தில் மாதந்தோறும் 2,200 ரூபாய்க்கு உணவு கூப்பன், 1,500 ரூபாய் தொலைபேசிப் படி, 3,000 ரூபாய் பயணப்படி தருகிறார்கள். மூன்றுக்கும் வரி கிடையாது என்று சேரும்போது எச்.ஆர். சொன்னார். ஆனால் 2024-25ஆம் ஆண்டுக்கான ஃபார்ம் 16-இல் மூன்றையும் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்திருக்கிறார்கள். நான் புதிய வரி முறையில் இருக்கிறேன். 825 ரூபாய் தொலைபேசி பில்லையும் கொடுத்து வருகிறேன். இப்படிப் பிடித்தது சரிதானா?

சபாபதி_கணக்கு
சரியே இல்லை, தம்பி. பில் இருந்தால் வரி இல்லை. இது கணக்குப் பிரிவில் கால் வைத்த முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம். உங்கள் நிறுவனத்தில் பேரோல் பார்ப்பவருக்கு வேலை தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பயணப்படியிலும் மாதம் 1,600 ரூபாய் வரை வரிவிலக்கு உண்டு. ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது இரண்டையும் கழித்துக் காட்டுங்கள், பிடித்த பணம் திரும்பி வரும்.

தேன்மொழி_பேரோல்
சபாபதி ஐயா, நீங்கள் சொன்ன 1,600 ரூபாய் விலக்கு 2018-19ஆம் நிதியாண்டிலிருந்தே பொதுவான ஊழியர்களுக்கு இல்லை. அந்த ஆண்டில் நிலையான கழிவைக் கொண்டுவந்தபோதே அதை எடுத்துவிட்டார்கள். மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு மட்டும் மாதம் 3,200 ரூபாய் என்று 2024-25இலும் இருந்தது. வழக்கொழிந்த ஒரு விலக்கை நம்பி இந்தத் தம்பி ரிட்டர்ன் போட்டால், நாளை நோட்டீஸுக்குப் பதில் எழுதப்போவது அவர்தான், நீங்கள் அல்ல.

தொலைபேசி விஷயத்திலும் விதியை முழுமையாகப் படிக்க வேண்டும். ஊழியருக்காக நிறுவனம் உண்மையில் செய்த தொலைபேசிச் செலவுக்குத்தான் வருமான வரி விதிகளில் 3(7) விலக்களிக்கிறது. நிறுவனம் நேரடியாக பில்லைக் கட்டலாம், அல்லது நீங்கள் கட்டிய பில்லைப் பார்த்து அந்தத் தொகையைத் திருப்பித் தரலாம். இரண்டிலும் செலவு நிறுவனத்தினுடையதாகவே இருக்கிறது. ஆனால் பில் வந்தாலும் வராவிட்டாலும் 1,500 ரூபாய் வரும் என்றால் அது சம்பளத்தின் ஒரு பகுதி. அதை நீங்கள் தொலைபேசிக்குச் செலவழித்தாலும் வேறெதற்குச் செலவழித்தாலும் வரி ஒன்றுதான்.

முகிலன், ஒன்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் பில் கொடுக்காத மாதம் ஏதாவது உண்டா? அந்த மாதம் பணம் வந்ததா?

முகிலன்24
ஒரு மாதம் மறந்துவிட்டேன். அப்போதும் 1,500 ரூபாய் வழக்கம்போல் வந்தது. பில்லின் தொகை கூடினாலும் குறைந்தாலும் அதே 1,500 ரூபாய்தான்.

தேன்மொழி_பேரோல்
அப்படியானால் இது படி. முழுவதற்கும் வரி உண்டு. உங்கள் பேரோல் பிரிவு செய்தது சரி. பில்லை ஏன் வாங்கினார்கள் என்று அவர்களிடம் கேட்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பில்லை வாங்கி வைத்ததாலேயே படி விலக்குக்கு உரியதாகிவிடாது.

சபாபதி_கணக்கு
பெயரை வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். படி என்று எழுதினால் என்ன, திருப்பித் தருவது என்று எழுதினால் என்ன? பில் இருக்கிறது, அதில் இவர் பெயர் இருக்கிறது, 825 ரூபாய் செலவாகியிருக்கிறது. ஆண்டுக்கு 9,900 ரூபாய். பில் இருந்தால் வரி இல்லை. போன முறை வீட்டு வாடகைப்படி பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பலரைக் குழப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

தேன்மொழி_பேரோல்
பெயரை நான் பார்க்கவில்லை, பணம் எந்த நிபந்தனையில் வந்தது என்பதைப் பார்க்கிறேன். சம்பளக் கட்டமைப்பிலேயே "தொலைபேசிச் செலவைத் திருப்பித் தருதல், மாத உச்சவரம்பு 1,500" என்று இருந்திருந்தால், முகிலன் 825 ரூபாய்க்கு பில் கொடுத்த மாதத்தில் 825 ரூபாய் வரியில்லாமல் வந்திருக்கும். மீதி 675 ரூபாய் நிறுவனத்திடமே நின்றிருக்கும், அல்லது ஆண்டுக் கடைசியில் வரி பிடித்துக்கொண்டு சம்பளமாக வந்திருக்கும். பில் இல்லாத மாதத்தில் ஒரு ரூபாயும் வந்திருக்காது. இவருக்கோ அந்த மாதமும் முழுத்தொகை வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும், ஐயா?

பணமாக வாங்கி முடித்த படியை ரிட்டர்னில் திருப்பித் தந்த செலவாக மாற்றிக் காட்ட முடியாது. அடுத்த ஆண்டுக்கு வேண்டுமானால் ஏப்ரலிலேயே கட்டமைப்பை மாற்றித் தரும்படி கேட்கலாம். தொலைபேசிக்கான இந்த விலக்கு புதிய வரி முறையிலும் இருக்கிறது, அதனால் கேட்பதில் பயன் உண்டு.

வெளிக்களப்பணி
என் அனுபவத்தையும் கேளுங்கள். நான் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். இருசக்கர வண்டியில் நாள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் போய் வருகிறேன். எனக்கும் 3,000 ரூபாய் பயணப்படிதான், பெட்ரோலுக்கு அதைவிட அதிகமாகவே ஆகிறது. என் நிறுவனம் வரி பிடிப்பதில்லை. எனவே முகிலனுக்குப் பிடித்தது தவறு. காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போதே வேலை தொடங்கிவிடுகிறது, அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தேன்மொழி_பேரோல்
உங்களுக்கு வரி பிடிக்காததற்கும் முகிலனுக்குப் பிடித்ததற்கும் காரணம் ஒன்றேதான். பணியைச் செய்வதற்காக மேற்கொள்ளும் பயணத்துக்குத் தரும் படியில், உண்மையில் செலவான அளவுக்குப் பிரிவு 10(14)இன் கீழ் விலக்கு உண்டு. புதிய வரி முறையிலும் அது நீடிக்கிறது. நீங்கள் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து இன்னொருவரிடம் போவது பணி. வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போவதும் திரும்பி வருவதும் சொந்தப் பயணமாகவே கொள்ளப்படும், அது எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி. தேதி, போன இடம், கிலோமீட்டர், எதற்காகப் போனீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, பெட்ரோல் ரசீதுகளோடு வைத்துக்கொள்ளுங்கள். முகிலன் அலுவலகத்திலேயே அமர்ந்து வேலை செய்பவரானால் 3,000 ரூபாயும் வரிக்கு உரியதுதான்.

முகிலன்24
நான் அலுவலகத்தில்தான் வேலை செய்கிறேன். எப்போதாவது வங்கிக்கோ வாடிக்கையாளர் அலுவலகத்துக்கோ அனுப்புவார்கள்.

சிறுதொழில்_அன்பு
நான் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். என் கைப்பேசி பில்லைத் தொழில் செலவாகக் கழிக்கிறேன், இதுவரை யாரும் கேள்வி கேட்டதில்லை. பிறகு இவருக்கு மட்டும் ஏன் இத்தனை நிபந்தனை?

தேன்மொழி_பேரோல்
நீங்கள் தொழில் வருமானத்தில் செலவைக் கழிக்கிறீர்கள். சம்பளத்தில் அப்படிக் கழிக்க வழி கிடையாது. அங்கே பில்லுக்குப் பதிலாக நிலையான கழிவு இருக்கிறது, 2024-25இல் புதிய முறையில் அது 75,000 ரூபாய். உங்கள் கணக்கை இங்கே இழுக்க வேண்டாம்.

கேன்டீன்காரன்
எல்லோரும் தொலைபேசியையே பிடித்துக்கொண்டு உணவை மறந்துவிட்டீர்கள். எங்கள் அலுவலக கேன்டீனில் நிறுவனமே சாப்பாடு போடுகிறது. நானும் புதிய முறைதான். எனக்கு வரி பிடிக்கவில்லை. கூப்பனும் சோற்றுக்குத்தான், கேன்டீனும் சோற்றுக்குத்தான். பிறகு முகிலனுக்கு ஏன் பிடிக்க வேண்டும்?

தேன்மொழி_பேரோல்
உண்பது ஒன்றாக இருக்கலாம், விதி ஒன்றாக இல்லை. பணி நேரத்தில் அலுவலகத்திலேயே தரும் உணவுக்கும், பிறருக்கு மாற்ற முடியாத, உணவகங்களில் மட்டும் செல்லும் கூப்பனுக்கும் வேளைக்கு 50 ரூபாய் வரை முன்பு ஒரே விலக்குத்தான். 2020 ஜூனில் விதியைத் திருத்தி, புதிய வரி முறையில் போகிறவர்களுக்குக் கூப்பன் மீதான விலக்கை மட்டும் எடுத்துவிட்டார்கள். கேன்டீன் உணவைத் தொடவில்லை. எனவே முகிலனுடைய கூப்பன் ஆண்டுக்கு 26,400 ரூபாய் முழுவதும் வருமானம். அவர் 20 சதவீத வரம்பில் இருந்தால், 4 சதவீத செஸ்ஸோடு சேர்த்து ஏறத்தாழ 5,490 ரூபாய் வரி. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் நியாயமாகத் தெரியவில்லை. கேன்டீன் வைக்க இடமில்லாத சிறிய நிறுவனத்தின் ஊழியர்தான் கூப்பனை நம்பியிருக்கிறார், அவருக்குத்தான் விலக்கு போயிற்று. ஆனாலும் 2024-25ஆம் ஆண்டுக்குச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. பழைய முறையில் இருப்பதாக நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்துக் கூப்பனுக்கு விலக்கு வாங்கிவிடுகிறார்கள். ரிட்டர்ன் போடும் நேரத்தில் புதிய முறையில் வரி குறைகிறது என்று மாறிக்கொள்கிறார்கள். அப்போது அந்த 26,400 ரூபாயைத் தாங்களாகவே சம்பளத்தில் சேர்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வருவதில்லை. ஃபார்ம் 16-இல் உள்ள எண்ணை அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

கேன்டீன்காரன்
2,200 என்ற கணக்கே தவறு. வேளைக்கு 50 ரூபாய் என்றால் 22 நாளுக்கு 1,100 ரூபாய்தான் வரும். எட்டு மணி நேர வேலையில் எவர் இரண்டு வேளை சாப்பிடுகிறார்?

தேன்மொழி_பேரோல்
ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று விதி சொல்லவில்லை. இரண்டு வேளை என்பது நிறுவனங்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. பணி நேரத்துக்குள் இரண்டு வேளை வருமா என்று அதிகாரி கேட்டால் நிறுவனம்தான் விளக்க வேண்டும். முகிலனுக்கு விலக்கே இல்லாதபோது அவர் கேள்விக்கு இது தேவையில்லை.

சபாபதி_கணக்கு
உணவை வைத்துப் பேச்சை மாற்ற வேண்டாம். நான் கேட்டது தொலைபேசி. என் பணிக்காலம் முழுவதும் பில்லைக் கோப்பில் வைத்து விலக்கு கொடுத்திருக்கிறேன், ஒரு தணிக்கையிலும் ஆட்சேபணை வந்ததில்லை. பில் இருந்தால் வரி இல்லை.

தேன்மொழி_பேரோல்
தணிக்கையில் கேட்கவில்லை என்பது விதி ஆகாது, ஐயா. உங்கள் காலத்தில் பில் தொகையை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தால் நீங்கள் செய்தது சரி. பில்லைப் பார்க்காமல் நிலையான தொகையைக் கொடுத்துவிட்டுப் பில்லைக் கோப்பில் வைத்திருந்தால், பிடிக்க வேண்டிய வரியைப் பிடிக்காத பொறுப்பு நிறுவனத்தின் தலையில் விழுந்திருக்கும். இரண்டில் எது என்று நீங்கள் இதுவரை சொல்லவில்லை.

சபாபதி_கணக்கு
உங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. தம்பி, 9,900 ரூபாயைக் கழித்துக் காட்டுங்கள்.

தேன்மொழி_பேரோல்
முகிலன், காட்டாதீர்கள். வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு உங்களை அனுப்பிய நாட்களுக்கு மின்னஞ்சலோ ரசீதோ இருந்தால், அந்தச் செலவின் அளவுக்கு மட்டும் பயணப்படியில் விலக்கு கோரலாம். தொலைபேசியையும் கூப்பனையும் விட்டுவிடுங்கள்.

வெளிக்களப்பணி
என் நிறுவனம் வீட்டு பிராட்பேண்ட் பில்லையும் திருப்பித் தருகிறது. விதியில் கைப்பேசி உள்ளிட்ட தொலைபேசி என்றுதானே இருக்கிறது, இணையம் என்று இல்லையே? அதற்கு வரி உண்டா?

தேன்மொழி_பேரோல்
அதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வழக்கம் மாறுகிறது. தரைவழித் தொலைபேசியோடு ஒரே பில்லாக வந்தால் பெரும்பாலும் விலக்கு தருகிறார்கள். இணையம் மட்டும் என்றால் சிலர் அலுவலகப் பணிக்கான செலவு என்று எழுதி வைத்து விலக்கு தருகிறார்கள், சிலர் வரி பிடிக்கிறார்கள். நான் பணி நிமித்தம் என்ற கடிதம் இல்லாமல் விடுவதில்லை.

சபாபதி_கணக்கு
பார்த்தீர்களா, இங்கே மட்டும் கடிதம் போதுமாம், தம்பியின் பில் போதாதாம்.

தேன்மொழி_பேரோல்
கடிதத்தோடு பில்லும் வேண்டும், பில்லில் உள்ள தொகை மட்டுமே தரப்பட வேண்டும். இதைத்தான் தொடக்கத்திலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.