ரிசெட் பின்னின் ரெக்கவரி, ரிமூவல்: தமிழில் என்ன சொல்லலாம்?

மதிவாணன்:
வணக்கம். செட்டப் டைமுக்கு அமைவு நேரம், ஹோல்டு டைமுக்குப் பிடிப்பு நேரம் என்று கலைச்சொல் பட்டியலில் போட்டுவிட்டேன். அடுத்து ஃப்ளிப்ஃப்ளாப்பின் ரிசெட் பின்னுக்கு வரும் ரெக்கவரி டைம், ரிமூவல் டைம். மீட்பு நேரம், நீக்கல் நேரம் என்று எழுதினால் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் ரிசெட்டையே மீட்டமைப்பு என்கிறோமே, "மீட்டமைப்பின் மீட்பு நேரம்" என்று வாசித்துப் பார்த்தால் எனக்கே விளங்கவில்லை. நீக்கல் நேரம் அதைவிட மோசம், ரிசெட்டை நீக்குவதற்கு ஆகும் நேரம் என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். யோசனை சொல்லுங்கள்.

கவிதா:
தனிச்சொல்லே வேண்டாம் என்பேன். கிளாக் விளிம்புக்கு முன்னால் டேட்டா அசையாமல் இருக்க வேண்டியது அமைவு நேரம், ரிசெட் அசையாமல் இருக்க வேண்டியது ரெக்கவரி. விளிம்புக்குப் பின்னால் அதேபோல ரிமூவல். மீட்டமைப்பு அமைவு நேரம், மீட்டமைப்புப் பிடிப்பு நேரம் போதுமே?

சேகர்:
நான் பவர் சப்ளை வேலை செய்பவன். கடத்திக்கொண்டிருக்கும் டையோடில் மின்னழுத்தம் திரும்பினால் அது உடனே அடைபடாது, உள்ளே சேர்ந்த மின்னூட்டம் தீரும் வரை எதிர்த்திசையில் மின்னோட்டம் பாயும். அந்த ரெக்கவரி டைமை நாங்கள் மீள்நேரம் என்கிறோம். அதையே வைத்துக்கொள்ளலாமே.

ராஜேஸ்வரி:
சேகர் அண்ணா, அது வேறு விஷயம். இங்கே மின்னூட்டம் வடிவதைப் பற்றிப் பேச்சில்லை.

கவிதா சொல்வது பாதி சரி. டேட்டா 0-லிருந்து 1-க்குப் போனாலும் 1-லிருந்து 0-க்கு வந்தாலும் அமைவும் பிடிப்பும் உண்டு. ஏசிங்க் ரிசெட் அப்படி இல்லை. அதை எந்த நொடியிலும் போடலாம், ஃப்ளிப்ஃப்ளாப் கிளாக்கைக் கேட்காமலே 0-க்குப் போய்விடும். துடிப்பு போதிய அகலம் இருந்தால் சரி. சிக்கல் விடும்போது மட்டும்தான். விளிம்புக்கு ரெக்கவரி அளவாவது முன்னால் விட்டால் அந்த விளிம்பிலேயே டேட்டாவை எடுத்துக்கொள்ளும். விளிம்பு தாண்டி ரிமூவல் அளவு வரை விடாமல் பிடித்திருந்தால் அந்த விளிம்பைக் கண்டுகொள்ளாது. நடுவில் விட்டால் எதைச் செய்யும் என்று சொல்ல முடியாது. அதோடு, ப்ரீசெட் பின்னுக்கும் இதே கணக்குதான். மீட்டமைப்பு என்று சொல்லின் தலையில் வைத்தால் அதை எங்கே சேர்ப்பது?

நான் பார்த்த ஒரு கேஸ். நான்கு நிலை ஒன்-ஹாட் மெஷின், 200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 5 நானோநொடிக்கு ஒரு விளிம்பு. ரிசெட்டில் s0 மட்டும் 1, மற்றவை 0. விட்டதும் முதல் விளிம்பில் s0 இறங்கி s1 ஏற வேண்டும். ரெக்கவரி 0.2, ஆகவே 4.8-க்குள் விடுப்பு எல்லா ஃப்ளிப்ஃப்ளாப்புக்கும் போய்ச் சேர வேண்டும். s0-க்கு 3.9-இல் சேர்ந்தது, s1-க்கு வழியில் பஃபர்கள் அதிகம், 4.95. s0 இறங்கிவிட்டது, s1 சில சமயம் ஏறவில்லை. நான்கும் 0, மெஷின் அப்படியே நின்றுவிடும். போர்டு சூடானால்தான் இப்படி வரும் என்பதால் நாங்கள் பல நாள் மென்பொருளைத் தோண்டிக்கொண்டிருந்தோம். டைமிங் ரிப்போர்ட்டில் `**async_default**` குழுவில் -0.15 என்று எழுதியே இருந்தது, டேட்டா பாதைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிட்டோம்.

மதிவாணன்:
நன்றி அம்மா. "விடும்போது" என்ற சொல்லில்தான் எனக்குப் பிடி கிடைத்தது. மயக்கம் தெளிந்து எழுந்தவருக்கு அடுத்த அழைப்பு காதில் விழக் கொஞ்ச நேரம் வேண்டும், ரெக்கவரி அதுதான். தெளிவு நேரம் என்று சொல்லலாமா? விளிம்பு கடந்த பிறகும் ரிசெட்டை விடாமல் வைத்திருப்பது விடாப்பிடி நேரம். அமைவுக்கு எதிரில் தெளிவு, பிடிப்புக்கு எதிரில் விடாப்பிடி என்று இணையும் பொருந்துகிறது. வெரிலாக்கில் இரண்டு சோதனைகளிலும் முதலில் எழுதுவது ரிசெட் விடுப்பைத்தான்:

```verilog
$recovery(posedge rst_n, posedge clk, 0.2);
$removal (posedge rst_n, posedge clk, 0.1);
```

கவிதா:
ப்ரீசெட்டை நான் யோசிக்கவில்லை, என் சொற்களை விட்டுவிடுகிறேன். விடாப்பிடி கேட்டதும் பிடித்துவிட்டது. தெளிவில் ஒரு சந்தேகம். மெட்டாஸ்டபிளாகத் தத்தளிக்கும் ஃப்ளிப்ஃப்ளாப் 0 அல்லது 1 என்று நிலைகொள்ள ஆகும் நேரத்தையும் தெளிவு என்றுதானே சொல்லத் தோன்றும்? இரண்டும் ஒரே பத்தியில் வருமே.

ராஜேஸ்வரி:
கட்டாயம் வரும். ரிசெட் சிங்க்ரனைசரில் முதல் ஃப்ளிப்ஃப்ளாப் ரெக்கவரியை மீறித் தத்தளிக்கலாம். இரண்டாவதில் உள்ளே வருவதும் 0, வெளியே இருப்பதும் 0, அதனால் விடுப்பு விளிம்போடு மோதினாலும் அது அசையாது. இதை எழுதும்போது ரெக்கவரியும் தத்தளிப்பும் அடுத்தடுத்த வரியில் வரும். எனக்கு "விடுமுன் நேரம்" பரவாயில்லை என்று படுகிறது, ஆனால் விடுவதற்கு முன் என்று பொருள் திரும்பிவிடுகிறது. நமக்கு வேண்டியது விட்ட பின், விளிம்புக்கு முன்.

மதிவாணன்:
சரி, விடாப்பிடி நேரத்தைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன். தெளிவு நேரத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். தத்தளிப்பு அடங்கும் நேரத்தை "அடங்கு நேரம்" என்றால் மோதல் தீருமா? சுற்று வடிவமைப்பில் இருப்பவர்கள் இரண்டு சொல்லையும் ஒரு பத்தியில் வைத்து எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள்.